படிப்படியாக விற்பதா, உச்சி வரை பொறுப்பதா: பத்தாயிரம் பங்குகளின் கணக்கு

2019 இல் ஒரே நாளில், யாழ்ப்பாணத்தில் ஒரே புரோக்கர் கந்தோரில், மாஸ்ரரும் நானும் எக்ஸ்போலங்கா ஹோல்டிங்ஸ் பங்குகளை ஆளுக்குப் பத்தாயிரம் வாங்கினோம். திரையில் அதன் பெயர் `EXPO.N0000`. விலை நாலரை ரூபா. ஆளுக்கு 45,000 ரூபா, தரகோடு சேர்த்து இன்னும் ஒரு ஐந்நூறு. எங்கள் இரண்டு பேருக்குமே அது போனால் போகட்டும் என்று போட்ட காசு. மாஸ்ரர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எனக்குப் பத்தாம் வகுப்பில் கூட்டு வட்டி படிப்பித்தவர்.

அதே பங்கு 2022 ஜனவரியில் 400 ரூபாவை ஒட்டிப் போனது. எங்கள் 45,000 நாற்பது இலட்சம் ஆகி நின்ற நாட்கள் அவை. நான் வழியில் துண்டு துண்டாக விற்றுக்கொண்டு வந்தேன். மாஸ்ரர் ஒன்றைக்கூட விற்கவில்லை. ஒரே பங்கு, ஒரே விலை, ஒரே எண்ணிக்கை என்பதால், இந்த இரண்டு வழிகளையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குக் கிடைக்காது. முடிவு நான் நினைத்தது போல வரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இது ஏன் ஏறியது என்று தெரியாமல் எங்கே விற்றிருக்க வேண்டும் என்று பேசுவதில் பயனில்லை. கம்பனியின் பெரிய வருமானம் சரக்கு அனுப்பும் தொழிலில் இருந்து வந்தது. ஆசியாவில் தைக்கும் உடுப்புகளை அமெரிக்கக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதில் முக்கியமான வேலை. அவர்களுக்குச் சொந்தமாகக் கப்பல் இல்லை. கப்பலிலும் விமானத்திலும் இடத்தை மொத்தமாக வாங்கி, சரக்கு அனுப்புவோருக்குப் பிரித்து விற்பார்கள். இடம் தாராளமாக இருக்கும் காலத்தில் இது ஒற்றைச் சதத்தை எண்ணும் தொழில். கொரோனா வந்து துறைமுகங்கள் அடைபட்டபோது இடமே இல்லாமல் போனது. இடத்தைக் கையில் வைத்திருந்தவன் சொன்னதே விலை. 2022 ஜனவரி தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சலீஸ், லோங் பீச் துறைமுகங்களில் இறக்குவதற்காக 109 கொள்கலன் கப்பல்கள் வரிசையில் காத்து நின்றன. ஷங்காய் கொள்கலன் கட்டணச் சுட்டெண் அதே மாதம் 5,100 ஐத் தாண்டியது. கொரோனாவுக்கு முன் அது ஆயிரத்துக்கு அக்கம்பக்கத்தில் கிடந்த ஒன்று. கனடாவில் இருந்து கடல் வழியாக அனுப்பிய பெட்டி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகள் அந்த வருடம் காத்திருந்தன. அந்தக் காத்திருப்பில் இருந்துதான் எங்கள் பங்கின் விலையும் வந்தது.

ஆகவே இந்தப் பங்கின் உச்சி என்பது கொழும்பில் தீர்மானிக்கப்படுகிற ஒன்று அல்ல. கப்பல் கட்டணத்தின் உச்சிதான் இதன் உச்சி. இதை நான் விளங்கிக்கொண்டது பிறகு.

முதலில் என் வழியைச் சொல்கிறேன். 2020 கடைசியில் விலை 22 ஆனதும் நாலாயிரம் பங்குகளை விற்றேன். "போட்ட முதலை எடு, மிச்சம் சும்மா வந்த காசு" என்று எங்கும் கேட்கும் புத்திமதி. 88,000 ரூபா வந்தது. பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். மிச்சம் இருந்த ஆறாயிரத்துக்கு 2021 இன் பிற்பகுதியில், விலை நூறைத் தொட்டபோது, ஒரு கொப்பி ஒற்றையில் படிகளை எழுதினேன்: 100, 150, 200, 250, 300. ஒவ்வொரு படியிலும் ஆயிரம். கடைசி ஆயிரத்தை விட்டுவைப்பது. ஐந்து படிகளும் சில மாதங்களுக்குள் நிறைவேறின. அதில் வந்தது பத்து இலட்சம்.

மாஸ்ரரின் வழி எழுதத் தேவையில்லாத வழி. "என்ன அவசரம் தம்பி? உச்சியிலை வித்தால்தான் வித்தது. படிப்படியா விக்கிறவன் எப்பவும் மலிவுக்குத்தான் விக்கிறான்" என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. ஏறிக்கொண்டிருக்கும் பங்கில் ஒவ்வொரு படியும் அடுத்த படியை விட மலிவு. நான் 150 இல் விற்ற அடுத்த வாரங்களில் விலை 200 ஐத் தாண்டியபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவில் நிற்கிறது.

பிறகு என்ன நடந்தது என்பது இலங்கையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கொழும்புச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2022 ஜனவரி நடுப்பகுதியில் 13,400 ஐத் தாண்டி, அங்கிருந்து திரும்பியது. மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள். ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. ஏப்ரல் 18 இல் இருந்து அந்த வாரம் முழுவதும் பங்குச் சந்தையை மூடி வைத்தார்கள். 25 ஆம் திகதி திறந்ததும் சுட்டெண் விழுந்த வேகத்தில் வியாபாரத்தை மறுபடி நிறுத்தினார்கள். எக்ஸ்போ பங்கும் 400 இல் இருந்து பாதிக்கும் கீழே வந்தது. கப்பல் கட்டணம் தொடர்ந்து இறங்கியது. 2023 பிறந்து சில வாரங்களில் அந்த ஷங்காய்ச் சுட்டெண் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. 2024 இல், பெரும்பான்மைப் பங்கை வைத்திருந்த ஜப்பானின் எஸ்.ஜி. ஹோல்டிங்ஸ் கம்பனியைச் சந்தையில் இருந்து விலக்கிக்கொள்ள முடிவெடுத்து, சிறு பங்குதாரர்களிடம் ஒரு பங்கை 185 ரூபாவுக்கு வாங்கிக்கொண்டது. மாஸ்ரர் தன் பத்தாயிரத்தையும், நான் என் கடைசி ஆயிரத்தையும் அந்த விலைக்குத்தான் கொடுத்தோம்.

இனிக் கணக்கு. எனக்கு மொத்தம் வந்தது: 88,000, பத்து இலட்சம், 1,85,000. ஆகப் பன்னிரண்டே முக்கால் இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மாஸ்ரருக்கு வந்தது பதினெட்டரை இலட்சம்.

உச்சியையும் தவறவிட்டு, பாதிக்கு மேல் கீழே இறங்கியும், ஒன்றுமே செய்யாமல் இருந்த மனுசனுக்கு என்னை விட ஆறு இலட்சம் கூட. இதை அவர் என் வீட்டு விறாந்தையில் வைத்துச் சொன்னபோது எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை.

ஆனால் ரூபாவில் போட்ட கூட்டல் இது. என் பத்து இலட்சம் கைக்கு வந்தபோது ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மாஸ்ரரின் காசு வந்தபோது சுமார் 300. டொலரில் மாற்றினால் மாஸ்ரருக்கு 6,170 அளவில். எனக்கு, மூன்று தவணைகளையும் அந்தந்த நாள் மாற்று வீதத்தில் போட்டால், 6,090 அளவில். ஏறக்குறைய சமன். அதற்கு மேல் என் காசு இரண்டு வருடத்துக்கு மேலாகக் கையில் இருந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே அடியில் வட்டியை ஏழு புள்ளிகள் உயர்த்திய பிறகு நிலையான வைப்புக்கு இருபது வீதத்துக்கு மேலும் கொடுத்தார்கள். அதைச் சேர்த்தால் நான் கொஞ்சம் முன்னால். பவுணில் பார்த்தால் இன்னும் வித்தியாசம். ரூபாவில் தங்கத்தின் விலை அந்த இடைவெளியில் ஒன்றரை மடங்குக்கு மேல் போனது. மாஸ்ரரின் பதினெட்டரை இலட்சம் 2021 கடைசியில் இருந்திருந்தால் வாங்கியிருக்கும் பவுணில் மூன்றில் இரண்டுக்கும் குறைவாகத்தான் 2024 இல் வாங்கியது. அவருடைய மனைவிக்கு இந்தக் கணக்கு மட்டும்தான் விளங்கியது, விளங்கியதும் பிடிக்கவில்லை.

அப்படியென்றால் படிப்படியாக விற்பது வென்றதா? இல்லை. என் படிகளில் பெரிய பிழை ஒன்று இருந்தது. 22 இல் விற்ற நாலாயிரம். அந்தப் பிழையைக் கழற்றிவிட்டுப் பார்ப்போம். பத்தாயிரத்தையும் நூறு வரும்வரை தொடாமல் வைத்திருந்து, அதே ஐந்து படிகளில் ஆயிரத்து ஐந்நூறாக விற்றிருந்தால் பதினைந்து இலட்சம். மிச்சம் 2,500 ஐ 185 க்குக் கொடுத்திருந்தால் இன்னும் நாலே முக்கால் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. டொலரில் ஒன்பதாயிரத்துச் சொச்சம். மாஸ்ரரை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

முதலை முதலில் எடு என்ற புத்திமதி எங்கே பிழைக்கிறது என்பது இங்கே தெரியும். அந்த 45,000 என் சீவியத்தில் எதையும் மாற்றாத தொகை. அதை எடுத்ததால் எந்த ஆபத்தும் குறையவில்லை. எடுத்த 88,000 கூரை ஓடு மாற்றியதில் போனது. பதிலுக்குப் பின்னர் ஏழு இலட்சத்துக்கு மேல் போகவிருந்த பங்குகளைக் கொடுத்துவிட்டேன். படிகள் தொடங்க வேண்டிய இடத்தை வாங்கிய விலை தீர்மானிக்கக் கூடாது. நாலரைக்கு வாங்கியதா, நாற்பதுக்கு வாங்கியதா என்பது பங்குக்குத் தெரியாது. இன்றைக்கு இந்த ஒற்றைப் பங்கு உங்கள் மொத்தக் கைக்காசில் எத்தனையில் ஒன்று என்பதுதான் கேள்வி. 22 ரூபாவில் அது என் சேமிப்பில் ஒரு மூலை. நூறு ரூபாவில் பத்தாயிரமும் கையில் இருந்திருந்தால் பத்து இலட்சம், அதாவது அப்போது என் மற்றச் சேமிப்பில் பாதிக்குச் சமம். அங்கேதான் முதல் படி நியாயமானது. மூன்றில் ஒன்றைத் தாண்டும்போது தொடங்கலாம் என்பது இப்போது நான் வைத்திருக்கும் அளவு. வேறொருவருக்கு நாலில் ஒன்றாக இருக்கலாம்.

இனி உச்சி வரை பொறுப்பவரின் வழியை நேர்மையாக எடைபோட வேண்டும். நாற்பது இலட்சத்தோடு ஒப்பிடுவது ஒப்பீடு ஆகாது. அந்த விலையில் பத்தாயிரத்தையும் விற்றவர் எவரையும் எனக்குத் தெரியாது. உச்சி நடக்கும் நாளில் அது உச்சி போல் இருக்காது. அது இன்னொரு நல்ல நாள். அதிலிருந்து இருபது, இருபத்தைந்து வீதம் கீழே வந்து நின்ற பிறகுதான் அது உச்சி என்று தெரியவரும். ஆகவே "உச்சியில் விற்பேன்" என்பவர் உண்மையில் சொல்ல வேண்டியது, "உச்சியில் இருந்து இத்தனை வீதம் விழுந்ததும் விற்பேன்" என்பதைத்தான். அந்த வீதத்தைச் சொல்லாதவருக்குத் திட்டம் ஒன்றும் இல்லை, மாஸ்ரருக்கு இல்லாதது போல.

இருபத்தைந்து வீதம் என்று ஒரு கோடு போட்டிருந்தார் என்று வைப்போம். 400 இல் இருந்து 300. பத்தாயிரத்தையும் 300 க்கு விற்றிருந்தால் முப்பது இலட்சம். டொலரில் பதினையாயிரம். கடதாசியில் இதுதான் முதலாம் இடம், என்னுடைய எந்தப் படிக்கட்டும் கிட்ட வராது. இதை மறைத்துவிட்டு ஒப்பீடு எழுதுவது களவு.

ஏன் அப்படியென்றால் அதையே செய்யச் சொல்லவில்லை? இரண்டு காரணங்கள். முதலாவது, அந்தக் கோடு உச்சிக்கு முன்பே அறுந்துவிடும். 2021 ஜனவரி கடைசியில் கொழும்புச் சுட்டெண் 8,900 அளவுக்கு ஓடிப் போய், மார்ச் கடைசியில் 7,100 பக்கம் வந்து கிடந்தது. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. சுட்டெண்ணே அப்படி என்றால், அதைவிட வேகமாக ஏறிய பங்குகள் விழுந்த வேகம் சொல்லத் தேவையில்லை. அந்த நேரம் இருபத்தைந்து வீதக் கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பலர் வெளியே போனார்கள். பிறகு அதே பங்குகள் ஏறியதைத் தெருவில் நின்று பார்த்தார்கள். கோட்டை நாற்பது வீதம் என்று அகலமாக்கினால் அது தப்பக்கூடும். ஆனால் அப்போது 400 இல் இருந்து வெளியேறும் விலை 240. அதோடு அந்த 240 வரும் நாட்கள் மார்ச், ஏப்ரலை நோக்கி நகர்ந்துவிடும்.

அங்கேதான் இரண்டாவது காரணம். கோட்டுக்கு வந்ததும் விற்கலாம் என்பது சந்தை திறந்திருக்கும், எதிரே வாங்க ஆள் நிற்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. கொழும்பில் பெரிய இருபது கம்பனிகளின் சுட்டெண் ஐந்து வீதம் விழுந்தால் அரை மணி நேரம் நிறுத்துவார்கள். பத்து வீதம் என்றால் அன்றைக்குக் கடை பூட்டு. 2022 இன் முதல் மாதங்களில் இது பழகிப்போன சங்கதி ஆனது. கடன் வாங்கிப் பங்கு வைத்திருந்தவர்களின் பங்குகளைக் கடன் கொடுத்தவர்கள் கேட்காமலே விற்றுத்தள்ளினார்கள், காலையில் மணி அடித்ததும் எல்லோரும் ஒரே வாசலில். நீங்கள் 240 என்று எழுதி வைத்திருப்பீர்கள், அடுத்த வியாபாரம் 215 இல் நடக்கும். ஏப்ரலில் ஒரு வாரம் வாசலே இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கோடு மூடிய சந்தை மே மாதம்தான் திறந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மூன்று வருடத்துக்குள் இரண்டு தரம். நியூயோர்க்கில் இருக்கிறவர் எழுதிய புத்திமதியைக் கொழும்புப் பங்கில் பிரயோகிக்கும்போது இந்த இடத்தில்தான் கால் இடறும். ஏறும்போது விற்பவனுக்கு வாங்குகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். படிகளின் உண்மையான பலம் அது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைக் காரணம் என்பதா மனுச சுபாவம் என்பதா தெரியவில்லை. விலை 300 க்குத் திரும்பி வந்த நாட்களில் மாஸ்ரரைப் போய்க் கண்டேன். மேசையில் ஒரு கடதாசி. அதில் 40,00,000 என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். பக்கத்தில் மகளின் பெயரும், கொக்குவிலில் ஒரு காணியின் பரப்புக் கணக்கும். "இப்ப வித்தால் பத்து இலட்சம் நட்டமல்லோ தம்பி" என்றார். நாலரை ரூபாவுக்கு வாங்கிய பங்கு 300 இல் நிற்கிறது, அவர் வாயில் வந்த சொல் நட்டம். கூட்டு வட்டி படிப்பித்த ஆள். அந்த எண்ணை ஒரு தரம் கண்டவன் கையால் அதற்குக் குறைந்த விலைக்கு மொத்தத்தையும் ஒரே நாளில் விற்கவைப்பது லேசான காரியம் அல்ல. நானும் என் கடைசி ஆயிரத்தை 300 இல் விற்கவில்லையே.

இப்போது படிக்கட்டின் பலவீனம். இதை யாரும் சொல்வதில்லை, எனக்கும் அதிர்ஷ்டத்தால்தான் தெரியாமல் போனது. என் ஐந்து படிகளும் நிறைவேறியது விலை 300 ஐத் தாண்டியதால். விலை 190 இல் திரும்பியிருந்தால்? 100 இலும் 150 இலும் மட்டும் விற்றிருப்பேன். மிச்சப் படிகள் கொப்பியில் அப்படியே கிடக்கும். விலை இறங்கிக்கொண்டிருக்கும், நான் 200 க்குக் காத்திருப்பேன். அதாவது படிப்படியாக விற்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, பெரும்பகுதியில் மாஸ்ரர் செய்ததையே செய்திருப்பேன். மேலே போனால் மட்டும் வேலை செய்கிற திட்டம் அரைத் திட்டம்.

ஆகவே இரண்டையும் ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது. மேலே போகும்போது படிகள், கீழே வரும்போது ஒரு கோடு. அதே பத்தாயிரம் பங்கில் போட்டுப் பார்த்தால்: நூறில் இருந்து ஐந்து படிகளில் 7,500 விற்றுப் பதினைந்து இலட்சம். மிச்சம் 2,500 க்கு உச்சியில் இருந்து இருபத்தைந்து வீதக் கோடு, 300 இல் ஏழரை இலட்சம். இருபத்திரண்டரை இலட்சம், எல்லாம் ரூபா மிதக்க முன்பே, டொலரில் பதினோராயிரத்துக்கு மேல். 190 இல் திரும்பியிருந்தாலும் இது வேலை செய்யும்: இரண்டு படிகளில் மூவாயிரம் போயிருக்கும், மிச்சம் ஏழாயிரமும் 142 பக்கத்தில் வெளியேறும், மொத்தம் பதின்மூன்றே முக்கால் இலட்சம் அளவில். கோட்டில் வந்து இடறி 300 க்குப் பதிலாக 260 க்கு விற்க நேர்ந்தாலும், அது 2,500 பங்கில்தான் வலிக்கும், பத்தாயிரத்தில் அல்ல. கோட்டின் அகலத்தையும் இங்கே கொஞ்சம் தாராளமாக விடலாம், ஏனென்றால் பெரிய காசு ஏற்கனவே வெளியே வந்துவிட்டது.

செலவைப் பற்றி ஒரு வரி. கொழும்பில் தரகும் மற்றக் கட்டணங்களும் சேர்த்து நூற்றுக்கு 1.12. ஒரே தரமாக விற்றாலும் ஐந்து தரமாக விற்றாலும் அது விற்ற தொகைக்கே, ஆகவே துண்டாக விற்பதால் பெரிய நட்டம் இல்லை. பட்டியலிட்ட பங்கை விற்ற இலாபத்துக்கு மூலதன ஆதாய வரியும் இல்லை. கனடாவில் இருக்கும் மச்சான் இதையே அங்கே செய்யும்போது எந்த வருடத்தில் எவ்வளவு விற்பது என்று வரியையும் பார்க்க வேண்டியிருக்கும். எங்களுக்கு அந்தத் தலையிடி இல்லை.

உச்சியை முன்கூட்டியே காண முடியாதா என்று கேட்பவர்களுக்கு: இந்தப் பங்கில் இரண்டு அடையாளங்கள் இருந்தன. ஒன்று அந்த ஷங்காய்ச் சுட்டெண். வெள்ளிக்கிழமை தோறும் வருவது, எவரும் பார்க்கலாம். 2022 ஜனவரிக்குப் பிறகு அது வாரா வாரம் இறங்கியது. மற்றது, நல்ல செய்திக்கு விலை எப்படி அசைகிறது என்பது. பெப்ரவரியில் வந்த காலாண்டுக் கணக்கு அதுவரை கம்பனி காணாத இலாபம். விலை ஏறவில்லை. மாஸ்ரர் அந்தக் கணக்கைக் காட்டித்தான் "இந்த உழைப்புக்கு இந்த விலை மலிவு" என்றார். உழைப்பைக் கொண்டு பார்த்தால் மலிவாகத்தான் தெரிந்தது. கட்டணம் ஏறி இறங்கும் தொழில்களில் உச்சியில் பங்கு எப்போதும் மலிவாகவே தெரியும், ஏனென்றால் விலையை வகுத்துப் பார்க்க எடுக்கும் இலாபம் அந்த ஒரு நல்ல வருடத்து இலாபம். பிறகு அதே கம்பனி காலாண்டு நட்டம் காட்டிய காலமும் வந்தது. இந்த அடையாளங்களை நான் முழு முடிவுக்கும் பயன்படுத்த மாட்டேன், கோட்டை இறுக்கப் பயன்படுத்துவேன். சுட்டெண் நாலு வாரம் தொடர்ந்து இறங்கினால், இருபத்தைந்து வீதக் கோட்டைப் பதினைந்துக்குக் கொண்டுவருவது போல.

பொறுத்திருப்பதே சரி என்று ஆகிற இடமும் இருக்கிறது. 2022 ஜனவரியில் ஒற்றைப் பங்குக்குப் பதிலாக முழுச் சந்தையையும், அதாவது பல துறைகளில் பரவிய நல்ல கம்பனிகளை வைத்திருந்தவர், பாதி போகக் கண்டும் அசையாமல் இருந்திருந்தால், 2025 இல் சுட்டெண் 20,000 ஐத் தாண்டியதைப் பார்த்திருப்பார். ரூபா விழுந்ததைக் கழித்தாலும் அவர் திரும்பி எழுந்துவிட்டார். சந்தை முழுவதும் திரும்பி வரும். ஒரு கப்பல் கட்டணச் சுற்றின் உச்சியில் நின்ற ஒரு பங்கு அந்த விலைக்குத் திரும்பி வர, இன்னொரு கொரோனா வர வேண்டும். மாஸ்ரரின் 185 கூட அவருடைய பொறுமை கொடுத்தது அல்ல. தாய்க் கம்பனி வாங்க முன்வந்ததால் வந்தது. அதை நம்பித் திட்டம் போட முடியாது.

இப்போது எங்கள் இருவரிடமும் ஒரு வங்கிப் பங்கு இருக்கிறது, இதுவும் நன்றாக ஏறி நிற்கிறது. போன மாதம் மாஸ்ரர் வீட்டில் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவருடைய படிகளைக் கண்டேன். நாலு எண்கள், பக்கத்தில் பங்குகளின் எண்ணிக்கை, அடியில் இறக்கக் கோடு எத்தனை வீதம் என்பது கூட. அழகான கையெழுத்து. விலை இரண்டாவது படியைத் தாண்டி ஒரு வாரம் ஆகிறது. அந்த எண் பேனையால் வெட்டப்பட்டு, பக்கத்தில் அதைவிடப் பெரிய ஒன்று எழுதப்பட்டிருந்தது.

"மாஸ்ரர், இது என்ன?"

"அது திருத்தம்" என்றார். "பரீட்சைத் தாளிலை திருத்தம் செய்யலாம்தானே."

நான் பேனையை எடுத்து அந்த வரிக்கு எதிரே பூச்சியம் போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, திங்கட்கிழமை காலை புரோக்கருக்குப் போன் எடுப்பதாகச் சொன்னார்.